கூரை சோலார்: முதலில் லோடைப் பாருங்கள்

மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று வீட்டில் முடிவானதும், பேச்சு நேராகப் பேனல் விலைக்குப் போய்விடுகிறது. எந்த கம்பெனி, எத்தனை பேனல், மானியம் எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறோம். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதம் மின் கட்டண அட்டைதான். அதிலோ, இணையத்தில் உள்ள உங்கள் மின் இணைப்பு விவரத்திலோ ‘அனுமதிக்கப்பட்ட மின்பளு’ என்று ஓர் எண் இருக்கும். பேச்சு வழக்கில் ‘லோடு’ என்பார்கள். வீடு கட்டி இணைப்பு வாங்கிய நாளில் யாரோ ஒயர்மேன் எழுதிக்கொடுத்த எண்ணாக அது இருக்கலாம். சோலாருக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அந்த எண்தான் பெருமளவு தீர்மானிக்கிறது.

நெட் மீட்டரிங் ஒப்புதலில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேனலோ இன்வெர்ட்டரோ காரணமில்லை. லோடு பொருந்தாதது, பெயர் பொருந்தாதது, ஆய்வில் எர்த்திங் குறைவாக இருந்தது, மீட்டர் மாறியும் பில் முறை மாறாதது ஆகிய நான்கில் ஒன்றுதான் வழக்கமாக வேரில் இருக்கும். நான்கையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள முடியும்.

ஆணையமா, மின்வாரியமா?

‘மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டுமாமே’ என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியை எழுதும் இடம். யாருக்கு நெட் மீட்டரிங், யாருக்கு வேறு முறை, எவ்வளவு திறன் வரை, என்ன கட்டணம் என்பதையெல்லாம் ஆணையம் ஒழுங்குமுறை விதிகளாகவும் கட்டண ஆணைகளாகவும் வெளியிடுகிறது. மின்கட்டமைப்போடு இணைந்த சூரிய மின் அமைப்புகளுக்கென 2021-இல் வந்த விதிகளும் ஆணையும்தான் இன்றைய நடைமுறைக்கு அடித்தளம். அவற்றின்படி வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் உண்டு. கடை, தொழிற்கூடம் போன்ற இணைப்புகளுக்குப் பெரும்பாலும் நெட் பில்லிங்தான். நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழியும். நெட் பில்லிங்கில் நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, கொடுக்கும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த வேறொரு விலை.

உங்கள் விண்ணப்பத்தை வாங்கி, இடத்தைப் பார்த்து, மீட்டரை மாற்றி, கையெழுத்துப் போடுவது மின்வாரியம். 2024-இல் டான்ஜெட்கோ பிரிக்கப்பட்ட பிறகு இந்தப் பொறுப்பு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது. நடைமுறையில் அது உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகம், அங்குள்ள உதவிப் பொறியாளர். மக்கள் வாயில் அது இன்னும் ‘ஈ.பி. ஆபீஸ்’தான். இந்த வேறுபாடு தெரியாமல் ஆணையத்துக்கு விண்ணப்பம் அனுப்பினால், அது திரும்ப இதே பிரிவு அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும், அதுவும் தாமதமாக.

இதோடு மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 டிசம்பர் இறுதியில் வந்த அந்த விதிகளில் 2024 பிப்ரவரியில் கூரை சோலாருக்குச் சாதகமாகத் திருத்தம் செய்யப்பட்டது. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் எல்லா விவரத்தோடும் முழுமையாக இருந்தால், தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். தேவைப்படும் லோடு உயர்வையும் மின் பகிர்மான நிறுவனமே செய்துகொடுக்க வேண்டும். 10 கிலோவாட்டுக்கு மேல் என்றால் சாத்திய ஆய்வுக்கு 15 நாள். அமைப்பைப் போட்டு முடித்துச் சான்று கொடுத்த பிறகு மீட்டர் மாற்றி இயக்கத்துக்குக் கொண்டுவர முன்பு 30 நாள் இருந்தது, இப்போது 15 நாள். 5 கிலோவாட் வரையிலான அமைப்புக்காகத் தெரு மின்கட்டமைப்பை வலுப்படுத்த நேர்ந்தால் அந்தச் செலவும் நிறுவனத்துடையதே. தக்க காரணமில்லாமல் காலக்கெடு தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு உண்டு என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது.

இவ்வளவும் ‘முழுமையான விண்ணப்பம்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துத்தான் நிற்கின்றன. ஒரு விவரம் குறைந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்காது.

அட்டையில் இரண்டு, மாடியில் மூன்று

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். திருச்சிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. ஒருமுனை இணைப்பு. அட்டையில் லோடு 2 கிலோவாட். இரண்டு ஏ.சி. வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் சோலார் போட முடிவு செய்து பிரிவு அலுவலகத்துக்குப் போனால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

“சார், உங்க கார்டுல ரெண்டு கிலோவாட்தான் இருக்கு. மூணு போடணும்னா முதல்ல லோடை ஏத்திக்கணும்.”

“வீட்டுல ரெண்டு ஏ.சி. ஓடுதே தம்பி, லோடு தானா ஏறியிருக்காதா?”

“ஏறாதுங்க சார். நீங்க எழுதிக்கொடுத்தாத்தான் ஏறும்.”

அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர், ஃபியூஸ், மீட்டர், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் உங்களுக்கு ஒதுக்கிய பங்கு எல்லாம் அந்த லோடை வைத்துக் கணக்கிட்டவை. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 9 ஆம்பியர். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் நண்பகலில் முழு வேகத்தில் வேலை செய்யும்போது 13 ஆம்பியர் வரை அதே ஒயர் வழியாக வெளியே தள்ளும். மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் ஒயர் சூடாவது ஒன்றுதான். அதனால்தான் சோலாரின் திறன் அனுமதிக்கப்பட்ட லோடைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது.

லோடு உயர்வு பெரிய காரியமல்ல. விண்ணப்பித்தால் வளர்ச்சிக் கட்டணம், கூடுதல் வைப்புத்தொகை முதலியவற்றுக்குத் தொகை கேட்பு வரும். கட்டினால் ஏறிவிடும். 2024 திருத்தம் இதை நிறுவனத்தின் பொறுப்பாக்கியிருந்தாலும், லோடு உயர்வுக்குத் தனி விண்ணப்பம் கேட்கும் அலுவலகங்களும் உண்டு. அங்கே நின்று விதியை வாதாடி நாளைக் கடத்துவதைவிட, சோலார் விண்ணப்பத்தோடு அதையும் அன்றே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது.

இங்கே இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது, 4 கிலோவாட் எல்லை. தமிழ்நாட்டில் பொதுவாக அதுவரைதான் ஒருமுனை இணைப்பு. அதைத் தாண்டினால் மும்முனைக்கு மாற வேண்டியிருக்கும். மீட்டர், சர்வீஸ் ஒயர், வீட்டு உள்வயரிங், இன்வெர்ட்டர் வகை எல்லாம் மாறும். 5 கிலோவாட் ஆசையோடு வருபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது, இணைப்பின் வகை. வீட்டு இணைப்புக்கு இப்போது நிலையான கட்டணம் இல்லாததால் லோடு ஏறினாலும் மாத பில் அதனால் ஏறாது. கடை இணைப்பில் கிலோவாட் கணக்கில் நிலையான கட்டணம் உண்டு. லோடை ஏற்றினால் சோலார் வேலை செய்யாத மாதத்திலும் அந்தக் கூடுதல் தொகையைக் கட்டியாக வேண்டும்.

பேனல், இன்வெர்ட்டர், மானியம்: மூன்று கணக்கு

விற்பனையாளரின் விலைப்பட்டியலில் ‘3 கிலோவாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பேனலின் திறனா, இன்வெர்ட்டரின் திறனா என்று கேளுங்கள். கட்டமைப்புக்குள் எவ்வளவு தள்ள முடியும் என்பதை இன்வெர்ட்டர்தான் தீர்மானிக்கிறது. அதனால் லோடோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் அதன் திறனைத்தான்.

மானியத்துக்குக் கணக்கு வேறு. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், அடுத்த 1 கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை கிடைக்கும். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அந்த 78,000தான். இங்கே பேனல் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஆசிரியர் வீட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3,240 வாட். இன்வெர்ட்டர் 3 கிலோவாட். குறைந்தது 3 என்பதால் முழு 78,000 வரும். விற்பனையாளர் ஐந்து பேனலோடு நிறுத்திக்கொண்டால் 2,700 வாட்தான். அப்போது 60,000-உடன் 0.7 கிலோவாட்டுக்கான 12,600 சேர்ந்து 72,600 ஆகும். ஒரு பேனல் குறைந்ததில் மானியத்தில் 5,400 போகிறது, மின் உற்பத்தியிலும் ஆறில் ஒரு பங்கு போகிறது. பேனல்களும் உள்நாட்டுச் செல்களால் உள்நாட்டில் செய்யப்பட்டவையாக இருந்தால்தான் இந்த மானியம். பேனலின் பின்பக்க ஒட்டியில் உள்ள மாடல் பெயரும் வரிசை எண்ணும் விண்ணப்பத்தில் ஏற்றிய பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். மாடியில் ஏற்றிப் பொருத்திவிட்டால் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. பேனல் கீழே இருக்கும்போதே ஒவ்வோர் ஒட்டியையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் இடம் இருக்கிறது என்பதற்காகப் பெரிதாகப் போடுவதும் சரியல்ல. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட். வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் விலை 8 ரூபாய்க்கு மேல் போகிறது. சோலார் முதலில் வெட்டி எடுப்பது அந்த விலை உயர்ந்த மேல் யூனிட்டுகளைத்தான். அதற்குக் கீழே போகப் போக, அது மிச்சப்படுத்தும் யூனிட்டின் விலை படிப்படியாகக் குறைந்து 5 ரூபாய்க்கும் கீழே இறங்கும். கடைசியில் வரும் 100 யூனிட்டுக்கு ஏற்கெனவே கட்டணமில்லை. 900 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட்டுக்கு மேல் போடுவதில் பெரும்பகுதி, இலவச யூனிட்டை ஈடுகட்டவோ தேவைக்கு மேல் மிஞ்சவோதான் போகும். ஆண்டுக் கடைசியில் மிஞ்சும் யூனிட்டுக்கு வீட்டு பில்லின் விலை கிடைக்காது.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

வீட்டு இணைப்புக்கு விண்ணப்பம் pmsuryaghar.gov.in தளத்தில் தொடங்குகிறது. மின் இணைப்பு எண்ணைக் கொடுத்ததும் அட்டையில் உள்ள பெயரும் லோடும் திரையில் வரும். பெயரில்தான் முதல் தடை. இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் நம் ஊரில் ஏராளம். பில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. மானியம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்றதும் இணைப்புப் பெயர், ஆதார் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் ஒருவரையே காட்ட வேண்டியிருக்கிறது. வாரிசுச் சான்றும் சொத்து வரி ரசீதும் வைத்துப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அது முடிந்த பிறகு சோலாருக்கு விண்ணப்பிப்பதுதான் குறுக்கு வழி.

தளத்தில் விண்ணப்பித்தாலும், கையில் ஒரு கடிதத்தோடு பிரிவு அலுவலகத்துக்குப் போவது நல்ல பழக்கம். லோடு, திறன், ஆய்வு வேண்டுகோள் மூன்றும் ஒரே தாளில் இருந்தால் பொறியாளருக்கும் வேலை எளிது. உங்களுக்கும் தேதியிட்ட ஆதாரம் கிடைக்கும். அமைப்பு போட்டு முடித்தபின் கொடுக்கும் அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

*பெறுநர்: உதவிப் பொறியாளர், பிரிவு அலுவலகம்.*

*பொருள்: வீட்டு மின் இணைப்பில் 3 கிலோவாட் கூரை சோலார் – நெட் மீட்டர் பொருத்தி இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டுதல்.*

*ஐயா, என் பெயரில் உள்ள ஒருமுனை வீட்டு மின் இணைப்பின் லோடு 2 கிலோவாட்டாக இருந்தது. 3 கிலோவாட்டாக உயர்த்தக் கோரி விண்ணப்பித்து, உரிய தொகையைக் கட்டியுள்ளேன். ரசீது இணைப்பு 1. தேசியத் தளத்தில் நான் பதிந்த சோலார் விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது; அதன் நகல் இணைப்பு 2.*

*மாடியில் 540 வாட் பேனல் 6, 3 கிலோவாட் ஒருமுனை இன்வெர்ட்டர் 1 பொருத்தப்பட்டுள்ளன. பேனல் வரிசை எண்கள், இன்வெர்ட்டர் சோதனைச் சான்று, ஒற்றைக்கோட்டு வரைபடம், எர்த் அளவீட்டு அறிக்கை ஆகியவை இணைப்பு 3 முதல் 6 வரை. சோலார் சுவிட்ச் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.*

*இடத்தை ஆய்வு செய்து, நெட் மீட்டர் பொருத்தி, தொடக்க அளவீடுகளைப் பதிந்து, இயக்கச் சான்று வழங்க வேண்டுகிறேன். ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நிறுவிய தொழில்நுட்பவியலாளரையும் உடன் இருக்கச் செய்கிறேன்.*

இதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 15 நாள் கணக்கு தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆய்வு நாள்

ஆய்வுக்கு வருபவர்கள் பேனல் பளபளப்பைப் பார்க்க வருவதில்லை. அவர்களுடைய கவலை ஒன்றே: தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறும்போது, உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்கு வந்துவிடக் கூடாது. ஆய்வின் ஒவ்வொரு கேள்வியும் ஏதோ ஒரு வழியில் இந்தக் கவலையைச் சார்ந்ததுதான்.

முதல் சோதனை கண்முன்னே நடக்கும். நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். இன்வெர்ட்டர் உடனே நின்றுவிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் தரவிதி அதிகபட்சம் 2 விநாடி தருகிறது. மெயினைப் போட்டதும் அது உடனே ஓடத் தொடங்கக் கூடாது. கட்டமைப்பின் வோல்ட்டேஜும் அதிர்வெண்ணும் ஒரு நிமிடமாவது நிலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இணைய வேண்டும். மின்வெட்டின்போது கூரை சோலார் ஏன் வீட்டுக்கு மின்சாரம் தருவதில்லை என்று பலர் ஏமாந்துபோய்க் கேட்கிறார்கள். காரணம் இந்தப் பாதுகாப்புத்தான். மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை வேண்டும். அதற்கு வரைபடமும் விலையும் வேறு.

அடுத்து சுவிட்ச். வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில், பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் ஒன்று இருக்க வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தாலும் மின்வாரிய ஊழியர் சோலாரைத் துண்டிக்க முடியவேண்டும் என்பதற்காக அது. மீட்டர் பலகையில் ‘இருவழி மின்சாரம், எச்சரிக்கை’ என்ற அறிவிப்பும் ஒட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது எர்த்திங். பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. பேனல் சட்டத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனித்தனி எர்த் குழிகள் தேவை. இடிதாங்கியின் எர்த்தை மற்றதோடு சேர்த்துக் கட்டி மிச்சம்பிடிக்கும் நிறுவுநர்கள் இருக்கிறார்கள். இடி இறங்கினால் அந்த மின்னோட்டம் இன்வெர்ட்டர் வழியே வீட்டுக்குள் வரும். எர்த் மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அளந்து காட்டச் சொல்லுங்கள். செம்மண்ணிலும் பாறை மண்ணிலும் கோடையில் இது எளிதில் 5-ஐத் தாண்டிவிடும். ஆழமான கம்பியும் ஈரம் பிடித்துவைக்கும் எர்த் கலவையும் போட்டால் இறங்கும். ஆய்வு நாளில் அவசரமாகக் குழியில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் எர்த் அன்றைய பொழுதுக்குத்தான் உதவும்.

பெரிய அமைப்புகளுக்கு இதற்கு மேல் அரசின் மின் ஆய்வுத்துறைச் சான்றும் தேவைப்படும். பெரிய வீடு, அடுக்குமாடிச் சங்கம், பள்ளி போன்றவை 10 கிலோவாட்டைத் தாண்டும்போது, ஆர்டர் கொடுக்கும் முன்பே பிரிவு அலுவலகத்தில் இதைக் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

மீட்டர் மாறும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்

பேனல் மாட்டியாகிவிட்டது, வெயில் கொளுத்துகிறது, மீட்டர் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். ‘சும்மா ஆன் பண்ணி வைங்க, பில் குறையும்’ என்று நிறுவியவர் சொல்லுவார். கேட்காதீர்கள். பழைய எலக்ட்ரானிக் மீட்டர்களில் பல, திருட்டைத் தடுப்பதற்காக, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதை நுகர்வாகவே எண்ணும்படி செய்யப்பட்டவை. நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் நீங்கள் வாங்கிய யூனிட்டாக ஏறும். பில் இரட்டிப்பாகி வந்தபின் அதைக் குறைக்கச் சொல்லி மனு கொடுப்பதும் கடினம். அனுமதியில்லாமல் இணைத்தது நீங்கள்தானே என்பார்கள்.

மாற்றப்படும் மீட்டர் இருவழி மீட்டராக இருக்கும். அதோடு சோலார் எவ்வளவு உற்பத்தி செய்தது என்பதை அளக்க இன்வெர்ட்டர் பக்கம் தனி மீட்டர் ஒன்றும் வரும். வெளியில் வாங்கிய மீட்டராக இருந்தால் மின்வாரியத்தின் சோதனைக்கூடத்தில் சோதித்து முத்திரையிட்ட பிறகே பொருத்துவார்கள். பொருத்தும்போது இறக்குமதி, ஏற்றுமதி, உற்பத்தி மூன்றின் தொடக்க அளவீடுகளையும் குறித்துக்கொண்டு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நண்பகலில் வீட்டில் ஏ.சி., மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் திரையைப் பாருங்கள். Exp எண் ஏற வேண்டும், Imp எண் அசையாமல் நிற்க வேண்டும். மாறாக Imp ஏறினால் இணைப்பு தலைகீழாக இருக்கிறது. பொருத்த வந்தவர் வீட்டைவிட்டுப் போகும் முன்பே இதைக் காட்டிவிட வேண்டும்.

முதல் பில்லைப் படிப்பது

ஆசிரியர் வீட்டின் முதல் இரண்டு மாத அளவீடுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி 720 யூனிட். ஏற்றுமதி 430. இறக்குமதி 610. உற்பத்தியில் ஏற்றுமதியைக் கழித்தால் 290. அது பகலில் வீடு நேரடியாகச் சாப்பிட்டது. அதோடு இறக்குமதி 610 சேர்ந்தால் 900. வீட்டின் மொத்தப் பயன்பாடு மாறவில்லை. பில்லில் வர வேண்டிய நிகர அளவு 610-இல் 430 போக 180 யூனிட். உற்பத்திக்கான வலையமைப்புக் கட்டணம் உங்கள் வகைக்கு உண்டு என்றால் அது தனி வரியாக வரும்.

பில்லில் 610 யூனிட்டுக்கும் பணம் கேட்டிருந்தால், மீட்டர் மாறியிருக்கிறது, கணினியில் உங்கள் இணைப்பு இன்னும் சாதாரண வகையாகவே இருக்கிறது என்று பொருள். முதல் பில்லில் அடிக்கடி நடப்பது இதுதான். இயக்கச் சான்றின் நகலோடு பிரிவு அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலும் திருத்திவிடுவார்கள்.

உற்பத்தியே குறைவாக, 720-க்குப் பதில் 550 என்று வந்தால் இன்வெர்ட்டரின் செயலியைத் திறந்து நண்பகல் 11 மணி முதல் 2 மணி வரை பாருங்கள். வரைபடம் திடீரெனப் பூஜ்யத்தில் விழுந்து எழுந்திருந்தால், வோல்ட்டேஜ் அதிகமாகி இன்வெர்ட்டர் விலகியிருக்கிறது. 230 வோல்ட்டின் 110 விழுக்காடான 253 வோல்ட்டைத் தாண்டினால் அது விலகியே ஆக வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், நீண்ட மெல்லிய சர்வீஸ் ஒயரின் முனையில் உள்ள வீடுகளில், அதிலும் ஒரே தெருவில் பலர் சோலார் போட்டபின், இது வரும். இன்வெர்ட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உங்கள் பக்கம் ஒயரைத் தடிமனாக்குவதும், மின்வாரியத்தின் பக்கம் டிரான்ஸ்பார்மரின் வோல்ட்டேஜ் நிலையைச் சரிபார்ப்பதும்தான் வழி. நேரமும் வோல்ட்டேஜும் தெரியும் செயலிப் படங்களோடு புகார் கொடுங்கள்.

கோப்பு நகராவிட்டால்

முதலில் மின்னகம் 94987 94987. அங்கே பதியும் புகாருக்கு எண் கிடைக்கும். அடுத்து செயற்பொறியாளர் அலுவலகம். அதற்கு மேல் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்கீழ் அமைக்கப்பட்டது அது. அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. கேட்கப்போவது தேதிகளைத்தான்: விண்ணப்பம் எப்போது முழுமையானது, லோடு தொகை எப்போது கட்டப்பட்டது, ஆய்வு எப்போது நடந்தது, மீட்டர் எப்போது வந்தது, முதல் பில் எப்போது.

ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத வேண்டிய இடமும் இருக்கிறது. புதிய விதியோ கட்டண ஆணையோ வரும் முன் ஆணையம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது, பொது விசாரணையும் நடத்துகிறது. அங்கே தொழில் சங்கங்களும் சோலார் நிறுவனங்களும் தவறாமல் வருகின்றன. வீட்டு நுகர்வோரின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. லோடு உயர்வைத் தனி விண்ணப்பமாகக் கேட்பதை நிறுத்த வேண்டும், மீட்டர் பொருத்திய அன்றே பில் வகையும் மாற வேண்டும், தாமதத்துக்கான இழப்பீட்டை நுகர்வோர் கேட்காமலே பில்லில் வரவு வைக்க வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளை நான் அங்கே முன்வைப்பேன். உங்கள் வீட்டுக் கோப்பில் உள்ள ஒப்புகைகளையும் தேதிகளையும் இணைத்து இதே கோரிக்கைகளை நீங்களும் அனுப்பினால், ஆணையத்தின் முன் அவை புகாராக நில்லாமல் சான்றாக நிற்கும்.